நிறம் வந்துவிட்டது, நடுவில் இன்னும் ஐஸ்: ஃபிஷ் ஃபிங்கர் பொரிக்கும் கணக்கு

"அப்பா, உள்ளுக்க ஐஸ் கிடக்கு."

மகள் கடித்த துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாங்கிப் பார்த்தேன். வெளியே கடைப் படத்தில் இருப்பது போலவே நல்ல பொன்னிறம். பிட்டால் மொறுமொறுவென்று சத்தமும் வந்தது. நடுவில் மட்டும் ஒரு பென்சில் தடிப்புக்கு மீன் சாம்பல் நிறமாக, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு இருந்தது. விரலால் தொட்டால் சில்லென்றது.

திருகோணமலையில் இருந்துகொண்டு பெட்டிக்குள் உறைந்த மீனை வாங்குகிறாயே என்று என் அம்மா இதற்கு முன்பே ஒரு பாட்டம் பேசி முடித்திருந்தார். அதற்கும் பதில் இருக்கிறது. மார்கழியில் கடல் கொந்தளித்து, வள்ளங்கள் உப்புவெளிக் கரையில் இழுத்து வைக்கப்பட்டிருக்கும் நாட்களில் நல்ல அறக்குளாவைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. மகளுக்கோ ரியூஷன் முடிந்து வந்தவுடன் ஃபிஷ் ஃபிங்கர்தான் வேண்டும். சரி, அது எங்கள் வீட்டு வழக்கு. இங்கே சொல்ல வந்தது, வெளியே வெந்து உள்ளே குளிர்ந்து கிடக்கும் அந்தத் துண்டு ஏன் அப்படி ஆனது, அடுத்த முறை ஆகாமல் எப்படிப் பார்ப்பது என்பதைத்தான்.

பிழை எங்கே என்று யோசித்தபோது அது அம்மாவிடம் நான் படித்த பாடத்திலேயே இருப்பது தெரிந்தது. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டிக்கு ஒரே ஒரு சட்டம்: நிறம் வந்தால் எடு. கட்லட், றோல்ஸ், பற்றிஸ் எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தச் சட்டம் அவற்றுக்குச் சரியாக வேலை செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்லட்டுக்குள் இருக்கும் மீனும் உருளைக்கிழங்கும் ஏற்கெனவே வெந்தவை. எண்ணெயின் வேலை பாண் தூளைச் சிவக்க வைப்பது மட்டும்தான், உள்ளே கொஞ்சம் சூடேறினால் போதும். அதனால் நிறம் வந்தது என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

உறைந்த ஃபிஷ் ஃபிங்கரில் இது தலைகீழ். தொழிற்சாலையில் மீனைத் துண்டாக்கி, மாவில் தோய்த்து, தூளில் புரட்டி, சூடான எண்ணெயில் மிகக் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துத்தான் உறைய வைக்கிறார்கள். அந்த முதல் பொரிப்பு மேல் உறை இறுகிப் பிடிப்பதற்காக. உள்ளே மீன் பெரும்பாலும் பச்சைதான். ஆக, பக்கெற்றைத் திறக்கும்போதே மேலே பாதி நிறம் இருக்கிறது, உள்ளே பாதி வேலைகூட நடக்கவில்லை. பந்தயத்தில் உறை முன்கூட்டியே ஓடத் தொடங்கிவிட்டது, மீன் இன்னும் கிளம்பவே இல்லை. நிறத்தைப் பார்த்து எடுத்தால் எப்போதும் உறையின் நேரத்துக்குத்தான் எடுக்கிறோம்.

சிக்கன் நகெட்டில் இன்னொரு சிக்கல். சில கொம்பனிகள் உள்ளே முழுவதும் வேகவைத்தே விற்கின்றன, சில பச்சை இறைச்சியை வைத்து உறையை மட்டும் பொரித்து விற்கின்றன. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பெட்டியின் பின்பக்கத்தில் இது பச்சையா, சமைத்ததா என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் நகெட்டைச் சட்டியில் போடக்கூடாது. வெந்த நகெட்டின் நடு குளிராக இருந்தால் வாய்க்குத்தான் நட்டம். பச்சை நகெட்டின் நடு குளிராக இருந்தால் வயிற்றுக்கு.

ஐஸ் உருகுவதற்கு ஏன் இவ்வளவு நேரம்

பிரீசரில் இருந்து எடுக்கும் துண்டு சுமார் மைனஸ் 18 பாகையில் இருக்கும். அதன் நடுப்பகுதி 70 பாகைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேராக ஒரே வேகத்தில் ஏறிப்போகும் என்றுதான் மனம் கணக்குப் போடும். ஆனால் 0 பாகைக்குப் பக்கத்தில் வந்தவுடன் ஏற்றம் நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடத்தில் மறைவெப்பம் என்று படித்தோமே, அதுதான் இங்கே குறுக்கே நிற்கிறது. 0 பாகையில் இருக்கும் ஐஸை 0 பாகைத் தண்ணீராக மாற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதே வெப்பத்தில் அந்தத் தண்ணீரை 0 இலிருந்து 80 பாகை வரை சூடாக்கிவிடலாம். மீனில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே துண்டுக்குள் போகும் வெப்பத்தில் கிட்டத்தட்ட பாதி, வெப்பநிலை ஒரு பாகைகூட ஏறாமல், உருக்குவதற்கே செலவாகிறது.

இதோடு முடியவில்லை. ஐஸ் வெப்பத்தைத் தண்ணீரைவிடச் சுமார் நான்கு மடங்கு நன்றாகக் கடத்தும். துண்டின் வெளிப்புறம் முதலில் உருகுகிறது. உருகிய அந்த ஈர மீன், உள்ளே மிச்சமிருக்கும் ஐஸுக்கு ஒரு போர்வை மாதிரி ஆகிவிடுகிறது. வெளியில் எவ்வளவு வேகமாக உருகியதோ அந்த வேகம் உள்ளே போகப் போகக் குறையும். கடைசி மில்லிமீற்றர்தான் இழுத்தடிக்கும். என் மகளின் பல்லில் பட்டது அந்தக் கடைசிப் பகுதி.

அப்போ நெருப்பைக் கூட்டினால் என்ன? இதைத்தான் எல்லோரும் முதலில் செய்வார்கள், நானும் செய்தேன். எண்ணெய் 180 பாகையில் இருந்தாலும் 200 பாகையில் இருந்தாலும், ஈரமான மீனின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. அங்கே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை மேலே ஏறாது. துண்டைச் சுற்றி எழும்பும் குமிழிகள் அந்த ஆவிதான். ஆக, மீனின் நடுப்பகுதி பார்ப்பது 100 பாகைச் சுவரைத்தான், எண்ணெயின் 200 ஐ அல்ல. கூடுதல் சூடு போய்ச் சேரும் ஒரே இடம் காய்ந்துபோன வெளி உறை. அது கருகும். நெருப்பைக் கூட்டினால் உறையின் நேரம் பாதியாகும், நடுவின் நேரம் அப்படியே இருக்கும்.

அதனால்தான் ஒரு நடுத்தரச் சூடு தேவைப்படுகிறது. என் அனுபவத்தில் துண்டு உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் எண்ணெய் 160 இலிருந்து 180 பாகைக்குள் இருந்தால், உறை சிவப்பதும் நடு வேகுவதும் ஏறத்தாழ ஒன்றாக முடிகின்றன. 150 க்குக் கீழே போனால் ஆவி போதிய வேகத்தில் வெளியே வராது, தூள் கழன்று எண்ணெயில் மிதக்கும், கையில் எடுத்தால் துண்டு எண்ணெய் கக்கும். 190 க்கு மேலே போனால் ஒன்றரை நிமிடத்திலேயே எடுக்கச் சொல்லும் நிறம் வந்துவிடும்.

எண்ணெய் எவ்வளவு, துண்டு எத்தனை

அன்றைக்கு நான் செய்தது இதுதான். சின்னத் தாச்சியில் அரை லிட்டர் தேங்காய் எண்ணெய். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பக்கெற்றில் இருந்த பத்துத் துண்டையும் ஒரே தடவையில் போட்டேன். ஒரு துண்டு 25 கிராம். சட்டி சத்தம் போட்டது, பிறகு சத்தம் அடங்கி முணுமுணுத்தது. நான் பயந்து நெருப்பை முழுதாகக் கூட்டினேன்.

இதன் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகும். 25 கிராம் துண்டு ஒன்றை மைனஸ் 18 இலிருந்து 70 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 13 கிலோயூல் வெப்பம் வேண்டும். பத்துக்கு 130. அரை லிட்டர் எண்ணெய் ஒரு கிலோயூலை இழந்தால் ஏறக்குறைய ஒரு பாகை குறையும். அடுப்பை அணைத்துவிட்டுப் பத்துத் துண்டையும் போட்டிருந்தால், 180 பாகை எண்ணெய் 50 பாகைக்கு வந்துவிடும் என்று பொருள். ஆவியாகும் தண்ணீர் இழுக்கும் வெப்பத்தை இதில் சேர்க்கவே இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருப்பதால் அவ்வளவு மோசமாக நடக்காது. ஆனால் துண்டுகள் முதல் ஒரு நிமிடத்தில் வெப்பத்தை உறிஞ்சுகிற வேகத்துக்கு வீட்டு காஸ் அடுப்பு ஈடு கொடுக்காது. எண்ணெய் சரசரவென்று இறங்கும். பிறகு துண்டுகளின் வெளிப்புறம் சூடானதும் உறிஞ்சுவது குறையும், அப்போது முழு நெருப்பில் இருக்கும் எண்ணெய் 190 ஐத் தாண்டி ஏறும். முதல் பாதி மிகக் குளிர், இரண்டாம் பாதி மிகச் சூடு. உறை முதலில் எண்ணெய் குடித்தது, பிறகு அவசரமாகச் சிவந்தது. நிறத்தைப் பார்த்து நான் இறக்கியபோது நடுவில் ஐஸ் உருகி முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மச்சாளிடம் கேக் செய்யும்போது பாகு பார்க்கும் வெப்பமானியை இரவல் வாங்கினேன். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை யாரும் எண்ணெய்க்குள் வைக்க வேண்டாம், அது வெடிக்கும். கேட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.) இந்தத் தடவை அதே தாச்சி, அதே அரை லிட்டர், ஆனால் நான்கு துண்டு மட்டும். எண்ணெய் 180 க்கு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டேன். முக்கால் நிமிடத்தில் 160 க்கு இறங்கியது. நெருப்பை நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்திருந்தேன், மூன்றாவது நிமிடத்தில் 172 க்குத் திரும்பி வந்து அங்கேயே நின்றது.

ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு துண்டை வெளியே எடுத்து நடுவில் பிளந்து பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் எடுத்ததில் நடுவில் வெள்ளைக் கோடாக ஐஸ் இருந்தது, கத்தி அதில் முட்டி நின்றது. நிறமோ அப்போதே மெல்லிய பொன்னிறம், சாப்பிடத் தூண்டும் நிறம். மூன்றாவதில் ஐஸ் இல்லை, ஆனால் மீன் ஈரமாக, கண்ணாடித் தன்மையோடு, வெதுவெதுப்பாக இருந்தது. நான்காவதில் மீன் வெள்ளையாகி இதழ் இதழாகப் பிரிந்தது, ஆவியும் வந்தது. நாலரை நிமிடத்தில் எடுத்த கடைசித் துண்டு நடுவில் நன்றாகச் சுட்டது, உறையும் கருகவில்லை. என் சட்டிக்கு, ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்புள்ள என் துண்டுக்கு, நாலரை நிமிடம் என்று சுவரில் ஒட்டி வைத்துவிட்டேன்.

உங்கள் சட்டிக்கு வேறு கணக்கு வரும். ஆனால் முறை ஒன்றுதான்: எண்ணெயில் துண்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல், எண்ணெயின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடாமல் போடுங்கள். அரை லிட்டருக்கு நான்கு, ஒரு லிட்டருக்கு எட்டு. வீட்டுக்கு விருந்தாளி வந்து அவசரம் என்றாலும் அதற்கு மேல் போகாமல் இரண்டு தடவையாகப் போடுவதுதான் நேரம் மிச்சம். ஒரே தடவையில் போட்டு இறங்கிய சூடு மீண்டு வரக் காத்திருக்கும் நேரத்தில் அந்த இரண்டாவது தடவையும் முடிந்திருக்கும்.

வெப்பமானி இல்லாத வீட்டில்

எல்லாரிடமும் வெப்பமானி இருக்காது. பழைய பாண் துண்டு ஒன்றை விரல் நகம் அளவுக்குப் பிய்த்து எண்ணெயில் போடுங்கள். உடனே சுற்றிலும் குமிழி கட்டி மேலே வர வேண்டும். அது நல்ல பொன்னிறமாக மாற ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுத்தால் எண்ணெய் 175 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்துப் பதினைந்து விநாடியிலேயே கறுத்தால் எண்ணெய் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்துவிட்டது, அடுப்பை அணைத்து ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். அடியில் கிடந்து சோம்பலாகக் குமிழி விட்டால் இன்னும் காயவில்லை. மரக் கரண்டியின் பிடியை எண்ணெய்க்குள் நட்டுப் பார்ப்பவர்களும் உண்டு, அதைச் சுற்றி விடாமல் சிறு குமிழிகள் எழும்பினால் சரி. பிடி உலர்ந்திருக்க வேண்டும்.

எண்ணெய் புகையத் தொடங்கினால் காய்ந்துவிட்டது என்று நினைத்துத் துண்டைப் போடும் பழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் என்றால் இதில் கவனம் வேண்டும். செக்கில் ஆட்டிய, சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175 பாகையளவிலேயே புகையும். சுத்திகரித்தது 200 ஐத் தாண்டித்தான் புகையும். ஆகவே செக்கு எண்ணெயில் புகை வந்தால் கொஞ்சம்தான் கூடுதல், நெருப்பைக் குறைத்துச் சமாளிக்கலாம். சுத்திகரித்த எண்ணெயில் புகை என்றால் அது எல்லை தாண்டிய எண்ணெய், அதில் ஃபிஷ் ஃபிங்கரைப் போட்டால் கருகல் உறையும் ஐஸ் நடுவும் நிச்சயம். புகையை நம்பாமல் பாண் துண்டை நம்புவது எனக்கு வசதியாக இருக்கிறது.

துண்டு எண்ணெயில் மிதந்தால் வெந்துவிட்டது என்பார்கள். என் துண்டுகள் முதல் நிமிடத்திலேயே மிதந்தன, நடுவில் ஐஸோடு. உறைக்குள் ஆவி தேங்கினாலே மிதக்கும். அதைவிடக் குமிழியைப் பார்ப்பது மேல். ஆரம்பத்தில் பெரிய குமிழிகள் கூச்சலோடு வரும். மூன்று நிமிடம் கடந்ததும் குமிழி சிறிதாகி, சத்தம் மழை விட்ட கூரை மாதிரித் தணியும். மேற்புறத்துத் தண்ணீர் குறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். ஆனால் அதுவும் உறையைப் பற்றித்தான் சொல்கிறது, நடுவைப் பற்றி அல்ல.

நடுவைப் பார்க்க நேரடியான வழி ஒன்றுதான்: துண்டில் ஒன்றைப் பிட்டுப் பார்ப்பது. எல்லாவற்றிலும் தடிப்பானதை எடுங்கள். மீன் ஒளி ஊடுருவாத வெள்ளையாக, இதழாகப் பிரிந்து, ஆவி பறக்க வேண்டும். பிட்டுப் பார்க்க மனமில்லை என்றால் மெல்லிய கத்தியின் நுனியைத் துண்டின் ஒடுங்கிய முனையிலிருந்து நடுவரை செருகி, பத்து விநாடி வைத்து எடுத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் பட்டும் படாமலும் வையுங்கள். வெடுக்கென்று சுட்டால் வெந்திருக்கிறது. வெதுவெதுப்பு என்றால் இன்னொரு நிமிடம். குளிர் என்றால் சொல்ல வேண்டியதில்லை. முனையிலிருந்து நீளவாட்டில் செருகுவது முக்கியம். மேலேயிருந்து குத்தினால் கத்தியில் பெரும்பகுதி சூடான உறையில் இருக்கும், நுனி பொய் சொல்லும்.

குத்திப் பார்க்கும் வெப்பமானி இருந்தால் மீனுக்கு 63 பாகையும் கோழிக்கு 74 பாகையும் நடுவில் வர வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு அளவு. நான் இரண்டையும் சுமார் 75 வரை விடுகிறேன். ஃபிஷ் ஃபிங்கருக்கு 63 போதும் என்றாலும் பிள்ளைகளின் தட்டில் வைப்பதற்குக் கொஞ்சம் தாராளமாக இருப்பதில் நட்டமில்லை, இந்த மெல்லிய துண்டு அதற்குள் உலர்ந்துவிடாது. பச்சைக் கோழி நகெட் என்றால் நிறத்தை நம்புவதே வேண்டாம். உள்ளே இளஞ்சிவப்பு மறைந்ததும் 74 ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது.

எண்ணெய் மிச்சம் பிடிப்பவர்களுக்கு

உள்ளதைச் சொன்னால், இன்றைய எண்ணெய் விலைக்கு அரை லிட்டர் ஊற்றிப் பொரிக்கும் வீடு எத்தனை? பாதித் தடிப்புக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் தட்டைச் சட்டியில் பொரிப்பதுதான் பரவலான வழக்கம். இதில் வெப்பம் ஒரு பக்கத்தால்தான் வருகிறது. மேல்பக்கம் காற்றைப் பார்த்துக்கொண்டு குளிராகவே கிடக்கிறது. ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு ஒரே தடவை புரட்டுவது கட்லட்டுக்குப் பொருந்தும். இங்கே அப்படிச் செய்தால் ஐஸ் மேல்பக்கத்துக்கு ஒதுங்கி நிற்கும், புரட்டிய பிறகு அந்தப் பக்கம் சிவப்பதற்குள் உருகாது. அதனால் நெருப்பை நடுத்தரத்துக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு ஒன்றரை நிமிடத்துக்கும் புரட்டிக்கொண்டே ஆறு ஏழு நிமிடம் விடுங்கள். பக்கவாட்டிலும் நிமிர்த்தி வைத்துக் கொஞ்சம் பொரித்தால் நல்லது. எண்ணெய் குறைவாக இருப்பதால் சூடு ஏறி இறங்குவதும் வேகமாக இருக்கும். துண்டு போட்டவுடன் நெருப்பைச் சற்றுக் கூட்டி, சத்தம் மீண்டு வந்ததும் குறைத்துவிட வேண்டும்.

தடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நடு உருகும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு போகிறது. அதாவது தடிப்பு இரண்டு மடங்கானால் நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு நாலரை நிமிடம் என்றால், இரண்டு சென்ரிமீற்றர் நகெட்டுக்கு எட்டு நிமிடம். அவ்வளவு நேரம் 175 பாகையில் எந்த உறையும் தாங்காது. தடித்த நகெட்டுக்கு நான் எண்ணெயை 160 பாகையளவில் வைத்து ஐந்தாறு நிமிடம் மெதுவாக விட்டு, கம்பி வலையில் எடுத்து இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, எண்ணெயை 180 க்கு ஏற்றி ஒன்றரை நிமிடம் திரும்பப் போடுகிறேன். வெளியே வைத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்திலும் உறையில் இருக்கும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஆறப்போடுவது வெதுவெதுப்பான நடுவைச் சுட வைக்கும். ஆனால் ஐஸ் இருக்கும் நடுவை அது காப்பாற்றாது.

வீட்டிலேயே அறக்குளாவோ பாரையோ வெட்டித் தூளில் புரட்டி உறைய வைப்பவர்கள் இந்த வர்க்கக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். மீன் மலிந்த நாளில் ஆசையோடு இரண்டரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி வைத்தால், அதை உறைந்தபடியே எண்ணெயில் வேகவைப்பது நடக்காத காரியம். சுண்டுவிரல் தடிப்புக்கு மேல் போகாமல் வெட்டினால் போதும். வீட்டுத் துண்டின் உறை முன்பே பொரித்தது அல்ல என்பதால் நிறம் மெதுவாக வரும். அதில் உங்களுக்கு ஒன்றரை நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.

முன்பே எடுத்து வெளியில் வைத்து உருகவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்கலாம். பெட்டியிலேயே உறைந்தபடி சமைக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கும், காரணத்தோடுதான். உருகும்போது மீனில் இருந்து வடியும் தண்ணீர் உறையை நனைத்துவிடும். எண்ணெயில் போட்டால் உறை ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். எங்கள் ஊர்ச் சூட்டில் சமையல் மேசையில் அரை மணி நேரம் வைத்தால் வெளிப்புறம் பழுதாகும் சூட்டுக்கு வந்திருக்கும், நடு இன்னும் ஐஸாகவே இருக்கும். கரண்ட் போய் பிரீசரில் தானாகவே இளகிவிட்டது என்றால், இன்னும் குளிராக இருக்கும்போதே அன்றே பொரித்துவிடுங்கள், மீண்டும் உறைய வைக்காதீர்கள். கடையில் வாங்கும்போதே துண்டுகள் தனித்தனியாகக் கலகலக்காமல் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் அந்தப் பக்கெற் ஏற்கெனவே ஒருமுறை இளகி உறைந்தது. கட்டியாக ஒட்டிய இரண்டு துண்டு, எண்ணெய்க்கு ஒரு தடித்த துண்டுதான்.

போடுவதற்கு முன் துண்டில் ஒட்டியிருக்கும் வெண்பனித் தூளைத் தட்டி உதிர்த்துவிடுங்கள். ஒரு துளி தண்ணீர் ஆவியாகும்போது அது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும், எண்ணெய் தெறிப்பது அதனால்தான். அதே காரணத்துக்காகப் பொரிக்கும் சட்டியை மூடியால் மூட வேண்டாம். மூடியில் சேரும் தண்ணீர் திரும்ப எண்ணெயில் சொட்டும். தாச்சியில் எண்ணெய் பாதிக்கு மேல் இருக்கவும் கூடாது. தப்பித்தவறி எண்ணெய் தீப்பிடித்தால் அப்போதுதான் மூடிக்கு வேலை: காஸை அணைத்து மூடியைப் போட்டு மூட வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது.

பொரித்துத் தட்டில் வைத்த பிறகு நடு குளிர் என்று தெரிந்தால் திரும்பவும் சூடான எண்ணெயில் போடுவது வீண். உறை கருகும், நடு அப்படியே இருக்கும். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது, தோசைக்கல்லை எண்ணெய் இல்லாமல் சிறு நெருப்பில் வைத்து, துண்டுகளை அடுக்கி, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி மூடி, இடையில் ஒருமுறை புரட்டி ஐந்து நிமிடம் விடுவது. ஒவன் இருந்தால் 180 பாகையில் ஏழெட்டு நிமிடம். மொறுமொறுப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

இப்போது மகள் ரியூஷன் முடிந்து சைக்கிளை வேலியில் சாய்க்கும் சத்தம் கேட்டதும்தான் அடுப்பை மூட்டுகிறேன். அவள் கை கால் கழுவி வருவதற்குள் பாண் துண்டு சிவந்துவிடும். நான்கு துண்டு எண்ணெயில், மற்ற ஆறும் பிரீசரிலேயே. முதல் நான்கு கம்பி வலைக்கு வந்ததும் உதிர்ந்த தூளை அரிகரண்டியால் அள்ளிவிட்டு, இன்னொரு பாண் துண்டைப் போட்டுப் பார்த்து, அது மேலே வந்து குமிழி கட்டிய பிறகுதான் பிரீசர் கதவைத் திறக்கிறேன்.